வகுப்புப் படத்தில் நிறம் எதற்கு?

"அன்பார்ந்த பெற்றோரே, வரும் வியாழக்கிழமை காலை நம் வகுப்பின் குழுப்படம் எடுக்கப்படும். மாணவர்கள் உயரத்துக்கும் நிறத்துக்கும் ஏற்ப வரிசைப்படுத்தப்படுவர். உயரமானவர்கள் பின்வரிசையில் நிற்பர். நிறமான மாணவர்கள் நடுவிலும் மற்றவர்கள் இரு ஓரங்களிலும் நிறுத்தப்படுவர். படம் தெளிவாக அமைவதற்காகவே இந்த ஏற்பாடு. ஒத்துழைப்புக்கு நன்றி."

ஒரு தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியர் போட்ட குறிப்பு இது. அந்தக் குழுவில் இருக்கும் ஒரு தாய், என் வானொலி நிகழ்ச்சியைக் கேட்பவர், இதை எனக்கு அனுப்பி வைத்தார். பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கே தேவையில்லை. குறிப்பில் ஆறு வாக்கியங்கள்தான். அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் உறுத்துகிறது.

குழுவில் முதலில் வந்தவை வழக்கமான பதில்கள்: நன்றி டீச்சர், சரி டீச்சர், கைகூப்பும் படங்கள். பிறகு ஒருவர், "நிறம்னா சட்டை நிறமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரும்போது, மாணவர் தலைவர்கள் மட்டும் நீலச் சட்டையில் வரும் பள்ளிகள் பல உண்டு. ஆசிரியர் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னார்: "இல்லைங்க. போன வருஷம் கொஞ்சம் கருப்பான பிள்ளைங்க முகம் இருட்டா விழுந்திருச்சு. படம் எடுக்கிறவர் இப்படி நிறுத்தச் சொன்னார்."

அந்தத் தாயின் மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் நன்றாக வாசிப்பாள். அம்மாவின் கைப்பேசியில் குறிப்பைத் தானே வாசித்துவிட்டு, "நான் நடுவா, ஓரமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் அவர் எனக்கு எழுதினார்.

நிறப் பாகுபாடு தவறு என்று சொல்ல ஒரு வரி போதும். ஆனால் அந்த ஆசிரியர் பாகுபாடு காட்ட நினைத்து இதை எழுதவில்லை. போன ஆண்டு சில பிள்ளைகளின் முகம் சரியாக விழவில்லை, இந்த ஆண்டாவது நன்றாக வரட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். எனவே அவர் சொன்ன காரணத்தையே எடுத்துப் பார்ப்போம். உயரத்தின்படி நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறதா? நிறத்தின்படி நிறுத்தினால் படம் உண்மையிலேயே தெளிவாகுமா?

உயரத்துக்குக் காரணம் உண்டு

கிள்ளானில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிகளுக்குக் குழுப்படம் எடுத்துவரும் ஓர் அண்ணனைத் தேடிப் போனேன். அந்தக் குறிப்பைக் காட்டியதும் அவர் முதலில் உயரத்தைப் பற்றித்தான் பேசினார். "உயரம் பார்த்து நிறுத்தலன்னா, பின்னால நிக்கிற பிள்ளைக்கு முகமே இருக்காது. வெறும் நெத்திதான் வரும்," என்றார்.

அவர் செய்யும் முறை எளிமையானது. 33 பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லாரையும் காலணியோடு, சுவர் ஓரமாக, குட்டையிலிருந்து நெட்டை வரை ஒரே வரிசையில் நிற்க வைக்கிறார். காலணியைக் கழற்றச் சொல்வதில்லை, ஏனென்றால் படத்தில் காலணியோடுதானே நிற்கப் போகிறார்கள். வரிசையின் முதல் 10 பேர் நாற்காலியில் உட்காருவார்கள். அவர்களுக்கு நடுவில் வகுப்பாசிரியர். ஆக முன்வரிசையில் 11 பேர். அடுத்த 12 பேர் அவர்களுக்குப் பின்னால் தரையில் நிற்பார்கள். கடைசி 11 பேர், அதாவது வகுப்பிலேயே நெட்டையானவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சின்மீது நிற்பார்கள்.

11, 12, 11 என்று பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு வரிசைகளில் ஒரே எண்ணிக்கை இருந்தால் ஒருவர் தலைக்கு நேர் பின்னால் இன்னொருவர் தலை வந்துவிடும். ஒன்று கூடவோ குறையவோ வைத்தால், முன்னால் இருக்கும் இருவரின் தோள்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் பின்னால் இருப்பவரின் முகம் வந்து உட்காரும். அதே போல, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் நெட்டையானவர் நடுவில், இரு பக்கமும் படிப்படியாகக் குட்டை. அப்போது தலைகளின் மேல்விளிம்பு ஒரு மேடுபோல் சீராக அமைகிறது. நடுவில் ஒரு பள்ளமும் ஓரத்தில் ஒரு கோபுரமுமாக நிற்காது.

இதில் எந்தப் பிள்ளைக்கும் குறை இல்லை. குட்டையாக இருப்பவர் முன்வரிசையில் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். அடுத்த ஆண்டு வளர்ந்தால் பின்னால் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, உயரம் பார்த்து நிறுத்தாவிட்டால் ஒரு முகம் நிஜமாகவே மறையும். ஆகவே குறிப்பில் உயரம் இருப்பது சரி.

முகம் ஏன் இருட்டாக விழுகிறது?

அடுத்து நிறம். "கருப்பான பிள்ளைங்க முகம் இருட்டா விழுது" என்பதை அண்ணன் மறுக்கவில்லை. "விழும். ஆனா அதுக்குக் காரணம் பிள்ளைங்க இல்ல. வெள்ளைச் சட்டைதான்," என்றார்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒரு கருவி இருக்கிறது. அது பார்ப்பது முகமா, சட்டையா, சுவரா என்பதெல்லாம் அதற்கு முக்கியமில்லை. தனக்கு முன்னால் இருக்கும் காட்சி மொத்தமாகப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். தெருவும் மரமும் வீடும் கலந்த காட்சியில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும்.

33 பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நின்றால் இந்தக் கணக்கு தவறிவிடும். காட்சியில் பாதிக்கு மேல் வெள்ளை. கேமரா அதை, வெளிச்சம் மிக அதிகமாக இருக்கிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டு எல்லாவற்றையும் சாம்பலாக்கும் அளவுக்குக் குறைத்துவிடும். சட்டை மங்கும், சுவர் மங்கும், அவற்றோடு எல்லாப் பிள்ளைகளின் முகமும் மங்கும். வெளுத்த தோல் கொண்ட பிள்ளையின் முகம் மங்கினாலும் கண்ணும் மூக்கும் தெரியும். கருத்த தோல் கொண்ட பிள்ளையின் முகம் அதே அளவு மங்கும்போது விவரம் மறைந்துவிடும். தவறு எல்லார் முகத்திலும் நடக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது சில முகங்களில் மட்டும்தான். பார்ப்பவர்கள் அந்த முகங்களையே காரணமாக்கிவிடுகிறார்கள்.

இதற்கு மருந்தும் கேமராவிலேயே இருக்கிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் அல்லது சக்கரம் பெரும்பாலான கேமராக்களில் உண்டு. வெள்ளைச் சட்டைக் கூட்டத்தை எடுக்கும்போது அதைக் கூட்டல் பக்கம் முக்கால் படியிலிருந்து ஒரு படி வரை நகர்த்த வேண்டும். ஒரு படி என்றால் வெளிச்சம் இரு மடங்கு. இல்லாவிட்டால் ஒரு சாம்பல் அட்டையைப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் பிடித்து, அதை அளந்து, அந்த அளவையே எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் இரண்டாவது முறையைத்தான் பின்பற்றுகிறார். அட்டை கையடக்கமானது. அளக்க அரை நிமிடம் போதும்.

ஒரே பிள்ளையின் சட்டையும் முடியும்

"சரி, வெளிச்சத்தைக் கூட்டினால் வெளுத்த பிள்ளைகளின் முகம் வெளிறிப் போகாதா? இருவரையும் ஒரே படத்தில் அடக்க முடியாது என்பதால்தானே பிரிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாகப் பிடித்தது. "ஒரு பிள்ளைய மட்டும் பாருங்கம்மா. போட்டிருக்கிறது வெள்ளைச் சட்டை. தலையில கருமுடி. ரெண்டும் ஒரே படத்துல விழுதா இல்லையா?"

வெள்ளைச் சட்டை தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கருமுடி மிகச் சிறிய பகுதியையே அனுப்புகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நான்கு படிகளுக்கும் மேல் இருக்கலாம், அதாவது பதினாறு மடங்குக்கும் மேல். ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பில் மிக வெளுத்த பிள்ளையின் முகத்துக்கும் மிகக் கருத்த பிள்ளையின் முகத்துக்கும் உள்ள வேறுபாடு அதில் ஒரு பகுதிதான். ஒரே பிள்ளையின் சட்டை மடிப்பையும் முடியிழையையும் சேர்த்துப் பதிவு செய்யும் கேமராவுக்கு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு முகங்கள் ஒரு சுமையே இல்லை.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? படச்சுருள் காலத்தில் இதற்குக் கொஞ்சம் அடிப்படை இருந்தது. அச்சுத் தாளில் ஏறக்கூடிய வெளிச்ச வேறுபாடு குறைவு. எடுத்த படத்தை உடனே பார்க்கவும் முடியாது. அதோடு, அன்றைய வண்ணப் படச்சுருளும் அச்சுக்கூடமும் எல்லாத் தோலையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அந்தப் படத்தில் தோன்றிய பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் வந்தது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். மற்றவர்களின் தோல் எப்படி வந்தாலும் அது எந்திரத்தின் குறையாகக் கணக்கில் வரவில்லை.

கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரோத் இந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கோடாக் தன் படச்சுருளில் பழுப்பு நிறங்களைச் சரிசெய்ய முனைந்ததற்கு 1960களிலும் 1970களிலும் வந்த புகார்கள் ஒரு காரணம் என்கிறார் அவர். புகார் செய்தவர்கள் சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும். பால் சாக்லேட்டுக்கும் கருஞ்சாக்லேட்டுக்கும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை, ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதுதான் அவர்களின் குறை. மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த கவனம் மனித முகத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று பள்ளிக்கு வரும் படக்காரரின் கையில் இருப்பது எண்முறைக் கேமரா. எடுத்த அடுத்த நொடியே திரையில் பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி எடுக்கலாம். பழைய கேமராவோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய வழக்கம், வாய்வழியாக மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

ஓரத்தில்தான் வெளிச்சம் குறைவு

குறிப்பில் உள்ள ஏற்பாட்டில் இன்னொரு விந்தையும் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும், அது பிரச்சினையைத் தீர்க்காது. கூட்டும்.

பள்ளி மண்டபத்துக்குள் படம் எடுக்கும்போது பலர் ஒரே ஒரு ஃபிளாஷ் விளக்கை, கேமராவின் தலையிலோ அதன் பக்கத்திலோ வைக்கிறார்கள். தூரம் கூடக் கூட ஒளி வேகமாகக் குறையும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்குதான்.

நாம் சொன்ன வகுப்பையே பார்ப்போம். நடுவரிசையில் 12 பேர். ஒருவருக்கு 45 சென்டிமீட்டர் என்று வைத்தால், கடைசியில் நிற்கும் பிள்ளை நடுவிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கிறார். மண்டபம் சிறியதாக இருப்பதால் விளக்கு 4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். நடுவில் நிற்பவருக்கும் விளக்குக்கும் 4 மீட்டர்தான். ஓரத்தில் நிற்பவருக்கு அது 4.7 மீட்டர். கணக்குப் போட்டால், நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஒளியில் ஓரத்தில் இருப்பவருக்குச் சுமார் 70 விழுக்காடுதான் கிடைக்கிறது. இதன்மேல், பல லென்ஸ்களில் படத்தின் மூலைகள் இயல்பாகவே சற்று இருண்டு விழும். அகலமாக எடுக்கும் லென்ஸ் என்றால் ஓரத்து முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகவும் தெரியும்.

அதாவது, ஒளி அதிகம் தேவைப்படும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஒளி மிகக் குறைவான இடத்தில் நிறுத்தச் சொல்கிறது அந்தக் குறிப்பு. போன ஆண்டு இருட்டாக விழுந்த முகங்கள் இந்த ஆண்டு இன்னும் இருட்டாகவே விழும்.

அப்படியானால் கருத்த பிள்ளைகளை நடுவில் நிறுத்தலாமா என்று கேட்காதீர்கள். அதுவும் அதே தவறுதான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. நகர வேண்டியது பிள்ளைகள் அல்ல, விளக்கு. விளக்கை 8 மீட்டருக்குப் பின்னால் கொண்டுபோனால் ஓரத்தில் இருப்பவருக்கும் 90 விழுக்காடு ஒளி கிடைக்கும். ஆனால் தூரம் இரட்டித்ததால் மொத்த ஒளி நான்கில் ஒரு பங்காகும், எனவே வலுவான விளக்கு வேண்டும். அண்ணன் செய்வது வேறு. இடமும் வலமுமாக இரண்டு விளக்குகளைக் குடையோடு வைக்கிறார். ஒவ்வொரு விளக்கும் எதிர்ப்பக்க ஓரத்தைப் பார்த்தபடி இருக்கும். அப்போது ஓரமும் நடுவும் ஏறக்குறைய சமமாகிறது.

விளக்கே இல்லாத படக்காரர் என்றாலும் வழி இருக்கிறது. காலை ஒன்பது மணி வாக்கில், பள்ளிக் கட்டடத்தின் நிழலில், திறந்த வானத்தைப் பார்த்தபடி பிள்ளைகளை நிறுத்தலாம். வானமே பெரிய விளக்காக எல்லார் முகத்திலும் ஒரே அளவு ஒளியைத் தரும். பின்னால் வெயில் அடிக்கும் திடல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். நம் ஊரில் பதினொரு மணிக்கு மேல் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். சபைகூடல் திடலில் அப்போது நிறுத்தினால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். அந்த நேரத்தில் எந்த நிறத்துப் பிள்ளைக்கும் கண் தெரியாது.

படம் கையில் வந்ததும்

பெரும்பாலான பள்ளிகளில் அச்சடிக்கும் முன்னர் மாதிரிப் படம் ஒன்று குழுவில் வரும். பணம் கட்டும் முன் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்காமல், அருகில் உள்ள சட்டையையும் பாருங்கள். குறை எங்கே என்பதைச் சட்டை சொல்லிவிடும்.

முகம் இருண்டு, சட்டையும் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால், கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது என்று பொருள். இதைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். படக்காரர் ராவ் எனப்படும் மூலக் கோப்பாகச் சேமித்திருந்தால் எளிதாகவே முடியும். சொல்லி, திருத்தி வாங்கலாம்.

முகம் இருண்டு, சட்டை மட்டும் மடிப்பே தெரியாமல் வெள்ளைக் காகிதம்போல் இருந்தால், தவறு விளக்கிலோ வெயிலிலோ இருக்கிறது. சட்டையில் போன விவரம் இனித் திரும்பாது. அந்தப் படத்தை மறுபடி எடுப்பதுதான் வழி.

நடுவில் எல்லாரும் தெளிவு, ஓரத்தில் மட்டும் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் மங்கல் என்றால், ஒற்றை விளக்கின் வேலை அது.

இன்னொன்றையும் பாருங்கள். முகம் நன்றாக இருக்கிறது, ஆனால் கழுத்தும் கையும் வேறு நிறத்தில் இருக்கின்றன என்றால், யாரோ முகத்தை மட்டும் வெளுக்க வைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்யும் 'உதவி' இது. பிள்ளையின் முகத்தை முகமாகவே திருப்பிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

குறிப்பை எப்படி எழுதலாம்?

தமிழில் 'நிறமான பிள்ளை' என்றால் வெளுத்த பிள்ளை என்று பொருள் கொள்கிறோம். மற்றவர்களுக்கு நிறமே இல்லை என்பதுபோல. வீட்டில் பேச்சுவாக்கில் வரும் இந்தச் சொல், பள்ளிக் குறிப்பில் எழுத்தாக வரும்போது வேறு எடை பெற்றுவிடுகிறது. உயரத்தைச் சுவரில் அளக்கலாம். நிறத்தை எதில் அளப்பது? ஆசிரியர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, 'நீ நடு, நீ ஓரம்' என்று கைகாட்டித்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கை தன் பக்கம் எப்படித் திரும்பியது என்பது பிள்ளைக்கு மறக்காது. படம் வேறு ஆண்டு மலரிலும் வீட்டுச் சுவரிலும் இருந்து அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

ஆசிரியரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். படம் எடுக்கும் நாளில் வகுப்பு வகுப்பாக வரிசையில் காத்திருப்பார்கள். ஒரு வகுப்புக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள். படக்காரர் சொன்னதை அப்படியே குறிப்பாக எழுதி அனுப்புவது இயல்பு. அதனால் பெற்றோர் குழுவில் எல்லார் முன்னிலையிலும் சண்டைக்கு நிற்பதைவிட, ஆசிரியருக்குத் தனியே எழுதுவது நல்லது. அந்தத் தாயும் நானும் சேர்ந்து எழுதியது இது:

"வணக்கம் டீச்சர். வகுப்புப் படத்துக்காக நீங்கள் எடுக்கும் முயற்சிக்கு நன்றி. உயரப்படி நிறுத்துவது சரிதான். நிறப்படி நிறுத்துவது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முகம் இருட்டாக விழுவது வெள்ளைச் சட்டையாலும் ஒற்றை விளக்காலும்தான் என்று அனுபவமுள்ள படக்காரர் ஒருவர் விளக்கினார். வெளிச்ச அளவைக் கூட்டி, இரண்டு பக்கமும் விளக்கு வைக்கவோ, காலையில் நிழலில் எடுக்கவோ படக்காரரிடம் சொல்ல முடியுமா? வேண்டுமானால் நான் அவரிடம் பேசுகிறேன்."

ஆசிரியர் அன்று மாலையே அந்தத் தாயைக் கைப்பேசியில் அழைத்திருக்கிறார். "நான் அப்படி யோசிக்கவே இல்லைங்க. முகம் தெரியணும்னுதான் பார்த்தேன்," என்றாராம். மறுநாள் காலை குழுவில் புதிய குறிப்பு வந்தது. மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாகத் தருகிறேன்:

"அன்பார்ந்த பெற்றோரே, வியாழக்கிழமை காலை 8.45க்கு, நம் வகுப்பின் குழுப்படம் மண்டபத்தின் பின்புற நிழலில் எடுக்கப்படும். எல்லா முகமும் தெரிய வேண்டும் என்பதால் மாணவர்கள் உயரப்படி மூன்று வரிசைகளில் நிற்பர். நீலச் சட்டை அணியும் மாணவர் தலைவர்கள் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து நிற்பர். பிள்ளைகள் தூய்மையான பள்ளிச் சீருடையில் வரட்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அணிந்தே வரலாம். மாதிரிப் படம் குழுவில் பகிரப்படும். யாருடைய முகமாவது சரியாக விழவில்லை என்றால் இரண்டு நாள்களுக்குள் சொல்லுங்கள், படக்காரரிடம் திருத்தவோ மறுபடி எடுக்கவோ கேட்போம். முந்தைய குறிப்பில் இருந்த நிற வரிசை நீக்கப்பட்டது."

கடைசி வரியை நீக்கிவிட்டு, பழைய குறிப்பையும் அழித்துவிட்டு ஆசிரியர் போயிருக்கலாம். அதை எழுதியே தீர்த்தார். அந்த ஒன்பது வயதுப் பிள்ளை வாசித்தது பழைய குறிப்பை. அது மாற்றப்பட்டது என்பதையும் அவள் வாசிக்க வேண்டும் அல்லவா?

வியாழக்கிழமை அவள் உயரப்படி இரண்டாம் வரிசையில், இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக நின்றாள்.